வால் மாறும் மூலக்கூறு: ஒட்டுமொத்தத் தடைச் சட்டம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சட்டம் இயற்றும் அவைகளின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் போதைப்பொருள் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யும் வேதியியலாளர். காவல்துறை முத்திரையிட்டு அனுப்பும் பொட்டலங்களைப் பிரித்து, உள்ளே இருப்பது இன்னது என்று எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. அந்த ஒரு வரியை நம்பித்தான் நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்புகிறது, அல்லது வீட்டுக்கு அனுப்புகிறது. பட்டியலில் இல்லாத புதுப் போதைப்பொருள் ஒன்று உயிரைப் பறித்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், "இனி எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தடை செய்வோம்" என்ற குரல் அவைகளில் எழுகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் நிறைவேறிய மறுநாள் அதை என் மேசையில் வைத்துத்தான் நான் வேலை செய்தாக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்லவே இந்த மடல்.

முதன்முதலில் அப்படியொரு பொட்டலத்தைப் பிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. பளபளக்கும் உறை. மேலே வண்ணப் படம். பின்புறம் சிறிய எழுத்தில் "நறுமணப் பொருள், மனிதர் உட்கொள்வதற்கு அன்று" என்ற வாசகம். உள்ளே காய்ந்த இலைத்தூள். நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது சில இலைத்துணுக்குகளின் மேல் வெண்படிகங்கள் அப்பியிருந்தன. பக்கத்துத் துணுக்குகள் வெறுமையாக இருந்தன. இலைக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. யாரோ ஒரு வேதிப்பொருளைக் கரைத்து அதன்மேல் தெளித்திருந்தார்கள். தெளிப்பு சமமாக விழவில்லை. ஒரே உறையிலிருந்து எடுக்கும் இரண்டு சிட்டிகைகளில் ஒன்று ஒருவருக்குத் தலைச்சுற்றலோடு போய்விடும், மற்றொன்று இன்னொருவரை வலிப்போடு மருத்துவமனையில் கிடத்தும். உறையில் இருந்த சொற்கள் ஒவ்வொன்றும் சட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டு எழுதப்பட்டவை.

கஞ்சாவின் செயல்பொருளைப் போல மூளையில் வேலை செய்யும் இந்தப் பொருள்களைச் செயற்கைக் கன்னாபினாய்டுகள் என்கிறோம். இவற்றின் கதை ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியலாளர், கஞ்சாவின் செயல்பொருள் மூளையில் எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது, எப்படி ஒட்டுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக அவருடைய குழு நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைத் தயாரித்து, முடிவுகளை ஆய்விதழ்களில் வெளியிட்டது. அறிவியலில் அதுதான் முறை. அவற்றில் ஒன்றின் பெயர் ஜே.டபிள்யூ.எச்-018. முதல் மூன்று எழுத்துகளும் அவர் பெயரின் தலைப்பெழுத்துகள். பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கட்டுரைகளை வேறு யாரோ வேறு நோக்கத்துடன் படித்தார்கள். 2008 டிசம்பரில் ஜெர்மனியில், "ஸ்பைஸ்" என்ற பெயரில் கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்ட மூலிகைக் கலவைக்குள் இந்தப் பொருள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அது இயற்கை மூலிகை என்று நம்பிப் புகைத்தவர்கள் பலர்.

இந்த மூலக்கூறை நான்கு உறுப்புகள் கொண்ட உடலாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இண்டோல் என்ற இரட்டை வளையம், அது கரு. அதிலிருந்து ஒரு சிறு பாலம். பாலத்தின் மறுமுனையில் நாப்தலீன் வளையங்கள், அது தலை. கருவின் இன்னொரு பக்கம், அங்குள்ள நைட்ரஜன் அணுவிலிருந்து, ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி தொங்குகிறது, அது வால். ஏற்பி என்ற பூட்டுக்குள் இந்தச் சாவி பொருந்துகிறது. சாவியின் ஓரத்தைச் சற்றே அராவினாலும் பூட்டு திறக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அராவிய சாவி வேறொரு சாவி. வடிவமைக்கப்பட்ட போதைப்பொருள் என்று நாம் அழைப்பதன் சூட்சுமம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஜெர்மனி வேகமாகத்தான் செயல்பட்டது. கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மாதம் கழித்து, 2009 ஜனவரியில், ஜே.டபிள்யூ.எச்-018 தடைசெய்யப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே கடைகளில் கிடைத்த பொட்டலங்களில் ஜே.டபிள்யூ.எச்-073 இருந்தது. வித்தியாசம் வாலில் ஒரே ஒரு கார்பன். ஐந்துக்குப் பதில் நான்கு. அதே கரு, அதே பாலம், அதே தலை, ஏறக்குறைய அதே போதை. பெயர் குறிப்பிட்டுத் தடை செய்யும் பட்டியல் முறையின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. சட்டம் அவசர கதியில் வேலை செய்தும் சில வாரங்களில் தோற்றது. தயாரிப்பாளரிடம் அடுத்த பொருள் ஏற்கெனவே கைவசம் இருந்திருக்கிறது.

பிரிட்டன் அதைப் பார்த்துவிட்டு வேறு வழியில் போனது. 2009 டிசம்பரில் அங்கு வந்த சட்டம் பெயர்களைச் சொல்லாமல் உருவத்தைச் சொன்னது. சாரம் இதுதான்: இண்டோல் கரு, அதனோடு இணைந்த நாப்தலீன் தலை, நைட்ரஜனில் "ஆல்கைல்" முதலிய சில வகை வால்களில் ஒன்று. இப்படி அமைந்த எந்தப் பொருளும், இன்னும் யாரும் தயாரிக்காததாக இருந்தாலும், தடை. வால் நான்கா, ஐந்தா, ஆறா என்ற கேள்வியே இல்லாமல் போயிற்று. அறிவுள்ள சட்டம் அது. அப்படியும் அதில் ஓர் ஊசித்துளை இருந்தது. ஆல்கைல் என்றால் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சங்கிலி. வாலின் நுனியில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளூரின் அணு ஒன்றை வைத்தால், வேதியியல் அகராதிப்படி அது ஆல்கைல் இல்லை, ஹாலோ ஆல்கைல். ஏ.எம்-2201 என்ற பொருள் அந்த ஓர் அணு மாற்றத்தோடு வந்தது. ஜே.டபிள்யூ.எச்-018ஐவிட அதன் வீரியம் கூடுதல்.

2013இல் சட்டம் அந்தத் துளையை அடைத்தது. ஹாலோ ஆல்கைல் சேர்க்கப்பட்டது. நாப்தலீனுக்குப் பதில் வேறு தலைகளோடு வந்தவையும் சேர்க்கப்பட்டன. உடனே கருவே மாறியது. இண்டோல் போய் அதன் உறவுக்காரரான இண்டசோல் வந்தது. பாலமும் மாறியது. 2016இல் மூன்றாவது வரையறை. அது மிக விரிவாக எழுதப்பட்டதால், போதைக்குத் துளியும் தொடர்பில்லாத ஏராளமான ஆராய்ச்சிப் பொருள்கள் அந்த வலையில் விழுந்துவிட்டன. மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வகங்கள் தங்கள் அலமாரியில் இருப்பது சட்டவிரோதமா என்று தேடத் தொடங்கின. 2019இல் அந்த வரையறையைச் சுருக்கித் திருத்தினார்கள்.

இந்தப் பத்தாண்டு வரலாற்றில் இன்னொன்றும் நடந்தது. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட ஆபத்தாக இருந்தது. கஞ்சாவின் செயல்பொருள் மூளையின் ஏற்பியை ஓரளவுதான் தூண்டும். எவ்வளவு எடுத்தாலும் ஓர் உச்சவரம்பு உண்டு. இந்தச் செயற்கைப் பொருள்கள் அதே ஏற்பியை முழுவதுமாகத் தூண்டுகின்றன. புதிய தலைமுறைகளுக்கு அதற்கான அளவும் குறைந்துகொண்டே வந்தது. 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர், கண் திறந்தபடி, கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாமல், தெருவில் உறைந்து நின்றார்கள். அவர்கள் புகைத்த பொட்டலத்தில் இருந்த ஏ.எம்.பி-ஃபுபினாகா, ஒரு மருந்து நிறுவனத்தின் காப்புரிமை ஆவணத்தில் இருந்த மூலக்கூறின் நெருங்கிய உறவு. கஞ்சாவின் செயல்பொருளைவிட 85 மடங்கு வீரியம் கொண்டது என்று அந்த நிகழ்வை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். அந்த வீரியத்தில், தெளிப்பு சற்று அதிகமாக விழுந்த இலைத்துணுக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள். தடை ஒன்றே வீரியத்தைக் கூட்டிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மறைத்து அனுப்ப வேண்டிய சரக்கு, சிறியதாகவும் வீரியம் கூடியதாகவும் இருப்பதில் அனுப்புகிறவருக்கு லாபம் இருக்கிறது. பழைய மூலக்கூறைத் தடைசெய்யும்போது, அதன் இடத்துக்கு வருவது நமக்கு இன்னும் குறைவாகத் தெரிந்த ஒன்றாகவே இருக்கும்.

மருத்துவமனையிலும் இதன் விலையைக் கொடுக்கிறோம். கஞ்சாவுக்கான சிறுநீர்ச் சோதனை இந்தப் பொருள்களைக் காட்டாது. அந்தச் சோதனை தேடுவது கஞ்சாவின் கழிவுப்பொருளை மட்டுமே. வலிப்போடு வந்த இளைஞரின் சோதனை முடிவு "இல்லை" என்று வரும், பெற்றோர் நிம்மதியடைவார்கள், மருத்துவர் வேறெங்கோ காரணம் தேடுவார்.

இப்போது ஒட்டுமொத்தத் தடைக்கு வருகிறேன். உருவத்தைச் சொல்லும் சட்டமும் தோற்கிறது என்று கண்டவர்கள், உருவத்தையே விட்டுவிட்டு விளைவைப் பிடித்தார்கள். அயர்லாந்து 2010இல் தொடங்கி வைத்தது. பிரிட்டனின் சட்டம் 2016 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தது. மைய நரம்பு மண்டலத்தைத் தூண்டியோ ஒடுக்கியோ ஒருவரின் மனச்செயல்பாட்டையோ உணர்ச்சி நிலையையோ பாதிக்கும் எந்தப் பொருளையும் விற்பது குற்றம். அப்படியே விட்டால் தேநீரும் குற்றமாகிவிடும் என்பதால் மது, புகையிலை, காஃபீன், உணவு, மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு. எல்லாம் தடை, சொன்னவை மட்டும் அனுமதி என்று சட்டத்தின் தர்க்கமே தலைகீழாயிற்று.

அந்தச் சட்டம் சாதித்ததை மறைக்க மாட்டேன். அயர்லாந்தில் நூற்றுக்கு மேல் இருந்த கடைகள் சில மாதங்களில் ஏறக்குறைய காணாமற்போயின. பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கான கடைகள் மூடின, அல்லது விற்பனையை நிறுத்தின. பள்ளிக்குப் போகும் வழியில் கண்ணாடிப் பேழைக்குள் வண்ண உறையில் போதைப்பொருள் தொங்கும் காட்சி ஒழிந்தது. எந்தப் பெற்றோரும் வரவேற்கும் மாற்றம் அது, நானும் வரவேற்கிறேன்.

ஆனால் விற்பனை கடையிலிருந்து தெருமுனைக்கும் சிறைக்கும் போயிற்று. இந்தப் பொருளைத் தாளில் ஊறவைத்து, காய்ந்ததும் அதில் கடிதம் எழுதிச் சிறைக்குள் அனுப்புகிறார்கள். குழந்தை வரைந்த படமாக வந்த தாளிலும் இருந்ததுண்டு. உள்ளே அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் புகைக்கிறார்கள். தாளின் எந்த மூலையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது கிழிப்பவருக்கும் தெரியாது. கூரையில்லாமல் தெருவில் உறங்குவோரிடமும் இதன் புழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. கடைக்குப் போய் ஆர்வத்துக்கு வாங்கியவர்கள் நிறுத்திவிட்டார்கள். துயரத்தை மறக்க வாங்கியவர்கள் நிறுத்தவில்லை.

நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். "மனத்தைப் பாதிக்கும்" என்பதை யார், எப்படி நிரூபிப்பது? புதுப்பொருளை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. ஆகவே சோதனைக் குழாயில், ஏற்பிகளைத் தாங்கிய செல்களின்மேல் அந்தப் பொருளை விட்டு, அது எந்த ஏற்பியைத் தூண்டுகிறது என்று பார்க்கிறோம். செயற்கைக் கன்னாபினாய்டுக்கு இது தெளிவாக வேலை செய்யும். எல்லாப் பொருளுக்கும் இப்படி அமைவதில்லை. நுகர்ந்து மயங்கும் "பாப்பர்ஸ்" எனப்படும் நைட்ரைட்டுகள் இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. மூளையை நேரடியாகத் தொடுவதில்லை. எனவே அவை சட்டத்துக்குள் வரா என்று பிரிட்டனின் நிபுணர் குழுவே 2016இல் கூறியது. சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு மருத்துவமனையில் பயன்படும் மருந்தாயிற்றே, அதற்கு விலக்கு உண்டே என்ற வாதத்தை ஏற்று, 2017இல் வழக்குகள் சரிந்தன. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. 2023இல் அதே வாயுவைப் பெயர் சொல்லிப் பழைய பட்டியலில் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட சட்டத்துக்கு மேல் மீண்டும் ஒரு பெயர்ப் பட்டியல் தேவைப்பட்டது.

அமெரிக்கா 1986இல் எடுத்த வழி இன்னொன்று: தடைசெய்யப்பட்ட பொருளோடு அமைப்பிலும் விளைவிலும் "கணிசமாக ஒத்த" பொருளையும் தடைசெய்யப்பட்டதாகவே கருதலாம். கணிசமாக என்றால் எவ்வளவு? 1992இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வேதியியலாளர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நின்றார்கள். இரண்டு மூலக்கூறுகள் ஒத்தவையா என்று அளக்க ஒரு பொது முறையே அறிவியலிடம் இல்லை என்று கண்ட நீதிபதி, அந்த வழக்கைப் பொறுத்தவரை சட்டம் தெளிவற்றது என்று தீர்ப்பளித்தார். நானும் கூண்டில் நின்று இதே கேள்விக்குத் திணறியிருக்கிறேன். இரண்டு படங்களை எழுதிக் காட்டி, "இவை ஒத்தவையா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். மூன்றில் இரண்டு பங்கு ஒத்தவை என்று சொல்லத் தோன்றியது. அப்படிச் சொல்ல எனக்கு எந்த அளவுகோலும் இல்லை என்பதால் மௌனமாக நின்றேன்.

உருவத்தைச் சொல்லும் வரையறை எனக்குக் கொடுக்கும் உதவியை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கருவி மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் நிறையை அளந்து, அந்தக் கோலத்தை நூலகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடும். வாலில் ஃபுளூரின் நுனியில் இருக்கிறதா, ஓர் இடம் தள்ளி இருக்கிறதா என்பதை அந்தக் கோலத்தில் பிரித்தறிவது மிகக் கடினம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடையும். பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்தால், அந்த ஓர் இடத்தை உறுதிசெய்ய நான் வேறு கருவிகளைத் தேடிப் போக வேண்டும். "ஹாலோ ஆல்கைல் வால்" என்று சட்டம் சொன்னால், ஃபுளூரின் எந்த இடத்தில் இருந்தாலும் என் வரி நிற்கும். நல்ல வரையறை என்பது ஆய்வகத்தால் நிரூபிக்கக்கூடிய வரையறை. ஆகையால், விளைவை மட்டும் பிடிக்கும் சட்டத்தை முதன்மை ஆயுதமாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உருவ வரையறை முன்னால் நிற்கட்டும். விளைவுச் சட்டம் அதன் பின்னால், கடை விற்பனையை மூடுவதற்கான கருவியாக இருக்கட்டும்.

உருவ வரையறைக்கும் காலக்கெடு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே எழுதுங்கள். சீனா 2021 ஜூலையில் ஏழு அடிப்படை அமைப்புகளைச் சொல்லி, செயற்கைக் கன்னாபினாய்டுகளை இனமாகவே தடைசெய்தது. தயாரிப்பின் பெரும்பகுதி அங்கு நடந்ததால் அது பெரிய நடவடிக்கை. அதே ஆண்டிலேயே அந்த ஏழுக்குள் அடங்காத, வேறு வகைப் பாலம் கொண்ட "ஆக்ஸிசிட்" என்ற புதுக்குடும்பம் சந்தைக்கு வந்துவிட்டது. அபினைப் போலச் செயல்படும் ஓபியாய்டுகளிலும் இதே கதைதான். 2019 மே மாதம் ஃபென்டனில் என்ற வீரியமிக்க ஓபியாய்டின் இனம் முழுவதையும் சீனா தடைசெய்த பிறகு, 1950களில் சுவிட்சர்லாந்தின் மருந்து ஆய்வகத்தில் உருவாகி ஒருபோதும் மருந்தாகாத நிட்டசீன்கள் என்ற வேறு வகை ஓபியாய்டுகள் தலைதூக்கின. ஃபென்டனிலைக் காட்டும் சோதனைத் தாள் நிட்டசீனைக் காட்டாது. தாள் "இல்லை" என்று சொன்னதை நம்பி ஊசி போட்டுக்கொள்பவரை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

எனவே உங்கள் வரைவை அவையில் வைப்பதற்கு முன், அதை நடப்பில் உள்ள மருந்துகளின் பட்டியலோடும் ஆய்வகங்களின் சேர்மத் தொகுப்புகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலையில் எந்த மருந்து விழுகிறது என்பது கணினியில் ஒப்பிட்டுக் காணக்கூடிய விஷயம். அதைச் சட்டம் வந்த மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடிக்கக் கூடாது. வரையறையைத் திருத்தும் அதிகாரத்தை ஒரு நிலையான நிபுணர் குழுவின் பரிந்துரையோடு இணைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து பார்க்க வழி செய்யுங்கள். பயன்படுத்தியவரைத் தண்டிப்பதை விற்றவரைத் தண்டிப்பதிலிருந்து பிரித்து வையுங்கள். பிரிட்டனின் 2016 சட்டம் சிறைக்கு வெளியே வெறுமனே வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அது சரியான முடிவு. என்ன எடுத்தாய் என்று மருத்துவர் கேட்கும்போது பயமில்லாமல் பொட்டலத்தை எடுத்துக் காட்ட ஒருவருக்குத் தைரியம் வேண்டும். அந்தப் பொட்டலத்திலிருந்துதான் எங்களுக்கு முதல் எச்சரிக்கை கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று. இதை எந்தச் சட்ட வரைவிலும் நான் பார்த்ததில்லை. ஒரு பொருள் இன்னதுதான் என்று உறுதியாகக் கையெழுத்திட, அதே பொருளின் தூய மாதிரி என்னிடம் இருக்க வேண்டும். அதை ஒப்பீட்டுப் பொருள் என்கிறோம். சில மில்லிகிராம் போதும். ஒட்டுமொத்தத் தடை வந்த கணத்தில் அந்தச் சில மில்லிகிராமும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிடுகிறது. அதை வரவழைக்க உரிமம், அதைக் கொண்டுவர இன்னோர் அனுமதி, அதை வைக்கப் பூட்டிய பெட்டகம், அந்தப் பெட்டகத்துக்கு ஓர் ஆய்வு. தடையைச் செயல்படுத்த வேண்டிய ஆய்வகமே அந்தத் தடைக்குள் சிக்கிக் காத்திருக்கிறது. பகுப்பாய்வு ஆய்வகங்களுக்கும், நச்சு முறிவு ஆராய்ச்சி செய்யும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் சிறு அளவுகளுக்கான நிரந்தர விலக்கைச் சட்டத்தின் உடலிலேயே எழுதுங்கள். பின்னால் விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

என் மேசையில் இப்போது ஒரு பொட்டலம் இருக்கிறது. உள்ளே கருத்த இலைத்தூள். கருவி காட்டும் கோலம் நூலகத்தில் எதனோடும் பொருந்தவில்லை. வால் எனக்குத் தெரிந்த வால், கரு எனக்குத் தெரிந்த கரு, பாலம் புதிது. அது என்ன என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு; அந்த ஊகத்தைச் சரிபார்க்க வேண்டிய ஒப்பீட்டுப் பொருளுக்கு விண்ணப்பித்து ஏழு வாரங்கள் ஆகின்றன. அனுமதி வரும்வரை அறிக்கையில் நான் "அடையாளம் காணப்படவில்லை" என்றுதான் எழுத முடியும்.

இப்படிக்கு,
பகுப்பாய்வு மேசையிலிருந்து ஒரு வேதியியலாளர்